தீ அணைந்த அடுக்குமாடிக்குள் மறுபடி போவதற்கு முன்: எதை, யார் பார்க்க வேண்டும்?

தீயணைப்பு வண்டி கிளம்பியதும் குடியிருப்போர் கேட்கும் முதல் கேள்வி, “இனி மேலே போகலாமா?” என்பதுதான். தீயணைப்புத் துறை உறுதி செய்வது, அந்த நேரத்தில் எரிகிற தீ அணைந்துவிட்டது என்பதை மட்டும். கட்டடம் தாங்குமா என்பதற்குப் பதில் சொல்ல வேண்டியவர் கட்டமைப்புப் பொறியாளர். மின்சாரம் எங்கெல்லாம் இன்னும் உயிரோடு இருக்கிறது என்பதை ஈபியும் உரிமம் பெற்ற மின் ஒப்பந்ததாரரும் பார்த்துச் சொல்ல வேண்டும். இந்த மூன்றுக்கும் ஒரே தாளில் பதில் வராது. குடியிருப்போர் சங்கம்தான் மூன்றையும் கேட்டு வாங்க வேண்டும்.

சென்னையில் அடிக்கடி பார்க்கக்கூடிய ஒரு அமைப்பை உதாரணமாக எடுத்துக்கொள்வோம். கீழே சுவரில்லாமல் தூண்கள் மட்டும் நிற்கும் ஸ்டில்ட் பார்க்கிங், மேலே நான்கு மாடி, எட்டு வீடுகள். இரவில் சார்ஜ் போட்டிருந்த மின் ஸ்கூட்டர் பற்றி எரிந்து, பக்கத்தில் நின்ற நான்கு பைக்குகளும் கருகிவிட்டன. மாடிப்படிக்கு அடியில் உள்ள மீட்டர் போர்டு பாதி உருகியிருக்கிறது. ஸ்கூட்டர் நின்ற இடத்துக்கு மேலே தளத்தின் பூச்சு உதிர்ந்து கம்பி தெரிகிறது, ஒரு தூணின் மூலை பெயர்ந்திருக்கிறது. மேல் வீடுகளில் புகைக்கரியைத் தவிர வேறு சேதம் இல்லை. “எங்க வீட்ல ஒண்ணும் ஆகலையே” என்று மேல்மாடிக்காரர்கள் சொல்வது இந்த நிலையில்தான். ஆனால் அந்த நான்கு மாடியும் நிற்பது எரிந்த அந்தத் தூண்களின் மேல்.

முதல் வேலை மின்சாரத்தைத் துண்டிப்பது. கட்டடத்தின் மெயின் சுவிட்சை இறக்கினால் போதும் என்று நினைப்பது தவறு. தெருவிலுள்ள பில்லர் பாக்ஸிலிருந்து மெயின் வரைக்கும் வரும் கேபிளில் அப்போதும் மின்சாரம் இருக்கும். நம் உதாரணத்தில் சூடு பட்டதே அந்தக் கேபிள் முடியும் இடத்தில்தான். ஆகவே பில்லர் பாக்ஸிலேயே ஃபியூஸை எடுக்க வேண்டும், அதை ஈபி ஊழியர்தான் எடுக்க வேண்டும். ஈபியின் புகார் மையமான மின்னகத்தை 94987 94987 என்ற எண்ணில் அழைத்து, தீ விபத்து என்பதைத் தெளிவாகச் சொல்லுங்கள். சாதாரண மின்தடைப் புகாராக அது வரிசையில் நிற்கக்கூடாது.

அதன் பிறகும் உள்ளே மின்சாரம் இருக்கலாம். சென்னையில் பல வீடுகளில் இன்வெர்ட்டர் உண்டு. கரண்ட் போன நொடியில் தானாக உயிர் பெறுவதுதான் அதன் வேலை. பேட்டரி 12 வோல்ட்தான் என்று சிலர் அலட்சியமாக இருப்பார்கள். அது வெளியே அனுப்புவது 230 வோல்ட். ஆள் இல்லாத, பூட்டிய வீட்டின் இன்வெர்ட்டரும் அந்த வீட்டின் வயர்களை உயிரோடு வைத்திருக்கும். லிஃப்டுக்கும் மோட்டாருக்கும் ஜெனரேட்டர் இருந்தால் அதன் தானியங்கி மாற்று சுவிட்சையும் நிறுத்த வேண்டும். மொட்டை மாடியில் சோலார் இருந்தால், ஈபி நின்றதும் அதன் இன்வெர்ட்டர் நின்றுவிடும். ஆனால் பேனலிலிருந்து இன்வெர்ட்டருக்கு இறங்கும் டிசி வயரில் வெயில் இருக்கும்வரை மின்னழுத்தம் இருந்துகொண்டே இருக்கும். அந்த வயர், மாடிகளுக்கு வயர்கள் ஏறி இறங்கும் எந்த டக்ட் வழியாக இறங்குகிறது என்று தெரியாமல் யாரும் டக்டைத் திறக்க வேண்டாம். மின்சாரம் இல்லை என்பதை டெஸ்டர் பல்பை வைத்து முடிவு செய்யவும் கூடாது. மின் ஒப்பந்ததாரர் இருமுனைச் சோதனைக் கருவியை முதலில் உயிருள்ள ஒரு இணைப்பில் வைத்து, அது வேலை செய்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் இங்கே வைக்க வேண்டும்.

அடுத்தது, தீ மறுபடி பற்றும் ஆபத்து. இந்த உதாரணத்தில் அதன் முதல் காரணம் ஸ்கூட்டர் பேட்டரி. லித்தியம் பேட்டரியில் எரிந்தது சில செல்கள் மட்டுமாக இருக்கலாம். எரியாத செல்களில் மின்னாற்றல் அப்படியே மிச்சம் இருக்கும், உள்ளே சேதமும் இருக்கும். சில மணி நேரம் கழித்து, சில சமயம் நாட்கள் கழித்துக்கூட அது மறுபடி பற்றும். எனவே தீயணைப்பு வீரர்கள் இருக்கும்போதே அந்த ஸ்கூட்டரை ஸ்டில்ட்டிலிருந்து வெளியே எடுக்கச் சொல்லுங்கள். கட்டடத்திலிருந்தும் மற்ற வண்டிகளிலிருந்தும் சுமார் 15 மீட்டர் தள்ளி, திறந்த வெளியில் வைக்க வேண்டும். இடம் இல்லாத தெருவென்றால் எங்கே கொண்டுபோவது என்பதை வீரர்களிடமும் காவல் நிலையத்திலும் கேட்டு முடிவு செய்யுங்கள். மறுபடி பற்றப்போவதற்கு அறிகுறி, சீறும் சத்தம், பட் பட்டென்ற வெடிப்பு, இனிப்பு நெடியுள்ள வெள்ளைப் புகை. நீராவி என்று நினைத்துப் பக்கத்தில் போகக்கூடாது. அது தீப்பிடிக்கும் நச்சு வாயு. மணலைப் போட்டு மூடினால் சூடு உள்ளேயே தங்கிவிடும். அதைக் குளிர்விக்க நிறைய தண்ணீர் வேண்டும்.

இரண்டாவது காரணம் கண்ணுக்குத் தெரியாது. மீட்டர் போர்டிலிருந்து ஒவ்வொரு மாடிக்கும் ஏறும் கேபிள் டக்ட் ஒரு புகைபோக்கிதான். கீழே எழுந்த சூடு அதன் வழியே மூன்றாம் மாடிக்குப் போய், டக்டுக்குள் யாரோ திணித்த பழைய செய்தித்தாளிலோ மரக் கதவிலோ கனன்றுகொண்டிருக்கலாம். ஒவ்வொரு மாடியிலும் டக்ட் கதவைத் திறந்து பார்க்கும்படி வீரர்களிடம் கேளுங்கள். வெப்பக் கேமரா இருந்தால் நல்லது, ஆனால் அது காட்டுவது மேற்பரப்பின் சூட்டைத்தான், உள்ளே இருப்பதை அல்ல. கேமரா இல்லாவிட்டாலும் ஒரு எளிய அடையாளம் உண்டு. தண்ணீர் அடித்து நனைந்த சுவரில் ஒரு இடம் மட்டும் சீக்கிரம் காய்ந்தால் அதன் பின்னால் சூடு இருக்கிறது. முதல் இரவு முழுக்க இரண்டு பேர் வெளியிலிருந்தபடியே அரை மணிக்கு ஒருமுறை சுற்றிப் பார்ப்பது நல்லது. புகையோ நெடியோ தெரிந்தால் “இப்பதான் வந்துட்டுப் போனாங்க” என்று தயங்காமல் மறுபடி 101 அல்லது 112-ஐக் கூப்பிடுங்கள். கனல் இருக்கும் மூடிய இடத்தில் கார்பன் மோனாக்சைடு சேரும். அதற்கு மணம் கிடையாது. அதனால் படிக்கட்டு ஜன்னல்களைத் திறந்து காற்றோட்டம் வரும்வரை யாரும் மாடியில் படுக்கக் கூடாது. எந்த வீட்டிலாவது சமையல் எரிவாயு நெடி வந்தால் அவசர எண் 1906.

இனி கட்டமைப்பு. தீ அணைந்த பிறகும் கட்டடம் விழலாம். 2017 மே 31 அதிகாலை தி.நகரில் ஏழு மாடி ஜவுளிக்கடையில் பிடித்த தீ விடாமல் எரிந்து, மறுநாள் விடியற்காலையில் மேல் தளங்களின் ஒரு பகுதி சரிந்தது. கடைசியில் முழுக் கட்டடத்தையும் இடிக்க வேண்டியதாயிற்று. ஐந்து வண்டி எரிந்த ஸ்டில்ட் அவ்வளவு மோசம் இல்லை. ஆனாலும் காரணம் ஒன்றுதான். சுமார் 300 டிகிரி செல்சியஸைத் தாண்டிய கான்கிரீட் பலம் இழக்கத் தொடங்கும், ஆறினாலும் அந்தப் பலம் திரும்பாது. ஆறும்போது விரிசல் கூடுவதும் உண்டு. கம்பியின் கதை வேறு. இன்றைய டிஎம்டி கம்பி மிதமான சூட்டில் இழந்த பலத்தில் பெரும்பகுதியை ஆறியதும் திரும்பப் பெறும். பழைய கட்டடங்களில் உள்ள முறுக்குக் கம்பிக்கு, சூடு 450 டிகிரியைத் தாண்டிவிட்டால், அந்தச் சலுகை இல்லை. ஆகவே கட்டடத்தின் வயதைப் பொறியாளரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

கண்ணால் பார்ப்பதில் பலரும் ஏமாறும் இடம் ஒன்று உண்டு. கன்னங்கரேலென்று கரி படிந்த இடம் பயமுறுத்தும். ஆனால் அதற்கு நடுவே கரியே இல்லாமல் வெளுத்திருக்கும் திட்டுதான் அதிகச் சூடு பட்ட இடம். அங்கே படிந்த கரியும் எரிந்து போயிருக்கிறது. பூச்சு உதிர்ந்த இடத்தில் கான்கிரீட் இளஞ்சிவப்பாகத் தெரிந்தால் 300 டிகிரியைத் தாண்டியதற்கு அடையாளம். ஆனால் எல்லா ஜல்லியும் நிறம் மாறாது. சிவப்பு இல்லை என்பதால் சேதம் இல்லை என்று ஆகிவிடாது. பைக்கின் அலுமினிய பாகங்கள் உருகி ஓடியிருந்தால் அந்த இடத்தில் 600 டிகிரி அளவு சூடு இருந்திருக்கிறது. அதனால்தான் பொறியாளர் பார்ப்பதற்குள் குப்பையை வாரக் கூடாது. சங்கங்கள் அவசரமாகச் செய்யும் இன்னொரு தவறு வெள்ளையடிப்பது. விரிசலும் நிறமும் மறைந்துவிடும், காப்பீட்டு ஆய்வாளருக்கும் பார்க்க ஒன்றும் மிஞ்சாது.

உடனே எல்லோரையும் வெளியேற்ற வேண்டிய அறிகுறிகள் சில: தூணின் நெடுக்குக் கம்பி வெளியே பிதுங்கி வளைந்திருப்பது, தூணிலோ பீமிலோ சாய்வாக ஓடும் புது விரிசல், தளம் தொங்கியிருப்பது, முதல் மாடியில் நேற்றுவரை மூடிய கதவு இன்று இடிப்பது. நம் உதாரணத்தில் மூலை பெயர்ந்த தூணில் கம்பி வளையாமல் நேராக இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அப்போதும் பொறியாளர் வரும்வரை மேலே போகக் கூடாது. அவர் செய்யும் முதல் வேலை பெரும்பாலும் அந்தத் தூணைச் சுற்றிப் பீம்களுக்கு அடியில் இரும்பு ஜாக்கி முட்டு கொடுக்கச் சொல்வதாக இருக்கும். பிறகு சுத்தியலால் தட்டிப் பார்ப்பார். ‘டங்’ என்றால் நல்லது, ‘பொத்’ என்றால் உள்ளே பிரிந்திருக்கிறது. கான்கிரீட்டின் பலத்தை உடைக்காமல் மதிப்பிடும் ரீபவுண்ட் ஹாமர், மீயொலிச் சோதனை இரண்டையும் எரிந்த தூணில் மட்டும் செய்து தரும் அறிக்கையை ஏற்காதீர்கள். அதே ஸ்டில்ட்டில் சூடு படாத ஒரு தூணிலும் செய்து ஒப்பிட்டால்தான் எண்ணுக்குப் பொருள் உண்டு. அப்போதும் சந்தேகம் தீராவிட்டால் கோர் எனப்படும் உருளைத் துண்டைக் கான்கிரீட்டிலிருந்து வெட்டி எடுத்துச் சோதிக்க வேண்டும்.

பொறியாளர் என்றால் தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள், 2019-இன்படி பதிவு பெற்ற கட்டமைப்புப் பொறியாளர். வீடு கட்டிய மேஸ்திரியின் வாய்மொழி செல்லாது. கடிதத்தில் “பாதுகாப்பாக உள்ளது” என்ற ஒற்றை வரி போதாது. எந்தத் தூண், எந்தத் தளப்பகுதி பார்க்கப்பட்டது, முட்டு எதுவரை இருக்க வேண்டும், எந்தப் பகுதிக்கு யார் போகலாம் என்பது எழுத்தில் வேண்டும். பிரச்சினை பெரிதென்றால் மாநகராட்சிக்கு 1913-இல் சொல்லி மண்டலப் பொறியாளரை வரவழைக்கலாம். ஆபத்தான கட்டடத்தைக் காலி செய்யவும் முட்டு கொடுக்கவும் இடிக்கவும் உத்தரவிடும் அதிகாரம் மாநகராட்சிக்கு உண்டு. காப்பீட்டுக்குத் தீயணைப்புத் துறையின் தீ அறிக்கையும் காவல் நிலையப் பதிவும் தேவைப்படும். தூணும் மீட்டர் அறையும் பொதுப் பகுதி என்பதால் விண்ணப்பத்தைச் சங்கத்தின் பெயரிலேயே கொடுங்கள்.

மின்சாரம் திரும்புவது கடைசியில்தான். எரிந்த அல்லது நனைந்த மீட்டர், ஆபத்து வந்தால் தானாக அணையும் சுவிட்சுகளான எம்சிபி, ஆர்சிசிபி எதையும் காயவைத்துப் பயன்படுத்தக் கூடாது. மீட்டர் ஈபியின் சொத்து, அதன் சீலைத் தொட வேண்டாம். பிவிசி வயர் எரிந்த புகையில் ஹைட்ரஜன் குளோரைடு இருக்கும். அது ஈரத்தோடு சேர்ந்து அமிலமாகி, தீயே எட்டாத மாடியின் சுவிட்ச் போர்டுகளிலும் செம்பை அரிக்கும். பச்சையாகப் பூத்திருந்தால் அதுதான். ஒவ்வொரு வீட்டு லைனையும் தனித்தனியாகப் பிரித்து, வயரின் காப்பு உறை கசிகிறதா என்று பார்க்கும் 500 வோல்ட் மெகரில் ஒரு நிமிடம் வைத்து, குறைந்தது 1 மெகாஓம் வருகிறதா என்று பார்க்க வேண்டும். பூமி இணைப்பையும் சேர்த்துச் சோதிக்க வேண்டும். அந்த அறிக்கையை ஈபி பிரிவு அலுவலகத்தில் கொடுத்த பிறகே இணைப்பு. ஒரு வாரம் கழித்து மெகர் சோதனையை இன்னொரு முறை செய்யச் சொல்லுங்கள், அரிப்பு அதற்குள் வேலையைக் காட்டியிருக்கும்.

மருந்து, சான்றிதழ், பள்ளிப் பை எடுக்க மட்டும் மேலே போக வேண்டும் என்றால், முட்டு கொடுத்து, பொறியாளர் எழுத்தில் சம்மதித்த பிறகு, பகல் வெளிச்சத்தில், ஒரு வீட்டுக்கு ஒருவராகப் போகலாம். கீழே ஒருவர் பெயரும் நேரமும் குறித்துக்கொள்ள வேண்டும். லிஃப்டைப் பயன்படுத்தக் கூடாது. மெழுகுவர்த்தி வேண்டாம், டார்ச் போதும். சம்ப் மூடி ஸ்டில்ட்டில்தான் இருக்கிறது என்றால், கரித்தண்ணீர் உள்ளே இறங்கியிருக்கும். அதை இறைத்துக் கழுவாமல் மோட்டாரைப் போட்டால் மேல் தொட்டியும் கெட்டுவிடும்.