வி.பி.என். பச்சை காட்டுகிறது, பாக்கெட் எங்கே போகிறது?

சுங்கை சிப்புட் சுற்றுவட்டாரத்தில் தோட்ட ஆபீஸ்களுக்கும் சின்னச் சின்னக் கடைகளுக்கும் கணினி, நெட்வொர்க் பார்த்துக் கொடுப்பது என் தொழில். இணையத்தின் நடுவே மறையாக்கம் செய்த தனி வழி போடும் வி.பி.என். அமைத்துக் கொடுத்த எல்லா இடத்திலும் ஒரே நம்பிக்கைதான்: திரையின் மூலையில் பச்சை அடையாளம் இருந்தால் எல்லாம் பத்திரமாகப் போய்க்கொண்டிருக்கிறது. அந்தப் பச்சைக்குப் பின்னால் கணினிக்குள் உண்மையில் என்ன இருக்கிறது என்று ஒரு தடவை பார்த்துவிட்டால், அதை எவ்வளவு நம்பலாம் என்பதும் புரிந்துவிடும்.

வி.பி.என். இயங்கத் தொடங்கியதும் உங்கள் கணினியில் புதிதாக ஒரு நெட்வொர்க் கார்டு முளைக்கிறது. கையால் தொடக்கூடிய கார்டு இல்லை, மென்பொருளே கார்டு மாதிரி நடிக்கிறது. நான் லினக்ஸ் மடிக்கணினி வைத்திருக்கிறேன், வயர்கார்ட் என்ற வி.பி.என். மென்பொருளைப் பயன்படுத்துகிறேன். அதில் `ip addr show wg0` என்று தட்டினால் இப்படி வரும்:

```
5: wg0: <POINTOPOINT,NOARP,UP,LOWER_UP> mtu 1420 qdisc noqueue state UNKNOWN
    link/none
    inet 10.8.0.5/24 scope global wg0
```

வைஃபை கார்டுக்கு மேக் முகவரி இருக்கும். இங்கே அந்த இடத்தில் `link/none`, ஏனென்றால் கம்பியும் இல்லை, அலையும் இல்லை, பக்கத்துக் கணினியைத் தேடிக் கூப்பிட வேண்டிய தேவையும் இல்லை. `state UNKNOWN` என்பதைப் பார்த்து ஏதோ கெட்டுவிட்டது என்று பயந்து எனக்குப் போன் செய்தவர்கள் உண்டு. அது சாதாரணம்தான், விட்டுவிடலாம்.

இணையத்தில் போகும் ஒவ்வொரு தரவுத் துண்டும் ஒரு பாக்கெட். இயங்குதளத்தின் மையமான கெர்னல் வைஃபை கார்டுக்கு ஒரு பாக்கெட்டைக் கொடுத்தால் அது காற்றில் போகும். இந்தப் போலி கார்டுக்குக் கொடுத்தால் அது ஒரு நிரலின் கைக்குப் போகும், அவ்வளவுதான் வித்தியாசம். ஓபன் வி.பி.என். வழக்கமாக `/dev/net/tun` வழியாக ஒரு கோப்பைப் படிப்பதுபோல் அந்தப் பாக்கெட்டைப் படித்து எடுத்துக்கொள்ளும். வயர்கார்ட் 2020-இல் வந்த லினக்ஸ் 5.6 முதல் கெர்னலுக்குள்ளேயே உட்கார்ந்திருக்கிறது, அதனால் பாக்கெட் வெளியே வந்து மறுபடி உள்ளே போகும் அலைச்சல் இல்லை.

சரி, பச்சை அடையாளத்துக்கு வருவோம். மேலே `UP` என்று இருக்கிறதே, அது கார்டு தயார் என்பதை மட்டும்தான் சொல்கிறது. கோலாலம்பூரில் இருக்கும் சர்வரின் பிளக்கையே யாராவது பிடுங்கிப் போட்டிருந்தாலும் wg0 அப்படியேதான் `UP` காட்டும். மறுமுனை உயிரோடு இருக்கிறதா என்று தெரிய `wg show` அடித்து `latest handshake` வரியைப் பாருங்கள். பாக்கெட்டுகள் ஓடிக்கொண்டிருந்தால் ஏறக்குறைய 2 நிமிடத்துக்கு ஒருமுறை அது புதுப்பிக்கப்படும். நீங்கள் எதையோ திறக்க முயன்றுகொண்டே இருக்கும்போது அது 3 நிமிடத்தைத் தாண்டிப் பழசாகிக்கொண்டே போனால் தொடர்பு இல்லை என்று அர்த்தம்.

அப்புறம், எந்தப் பாக்கெட் இந்தக் கார்டுக்குள் போக வேண்டும் என்று முடிவு செய்வது வி.பி.என். செயலி இல்லை, கணினியின் ரவுட்டிங் அட்டவணை. `ip route get 10.8.0.1` என்று கேட்டால் `dev wg0` என்று பதில் வரும். அதே கட்டளையில் வேறு ஏதாவது ஒரு வெளி முகவரியைப் போட்டால் `dev wlan0` என்று வரலாம். தோட்ட ஆபீஸ்களுக்கு நான் போடும் அமைப்பில் `AllowedIPs = 10.8.0.0/24` மட்டும்தான், அதாவது தலைமையகத்துக்குப் போவது மட்டும் டனலில், அதாவது வி.பி.என். வழியில், போகும். கிராணி மத்தியானம் பார்க்கும் யூடியூபும் பேங்க் பக்கமும் பச்சை எரிந்தாலும் நேராக வைஃபை வழியாகத்தான் வெளியேறுகின்றன. இது குறை இல்லை, வேண்டுமென்றே செய்வது, ஆனால் அங்கே உட்கார்ந்திருப்பவருக்கு யாரும் சொல்வதில்லை.

இனி ஒரே ஒரு பாக்கெட்டைப் பின்தொடர்வோம். மடிக்கணினியைக் கைப்பேசி ஹாட்ஸ்பாட்டில் போட்டு, `ping 10.8.0.1` ஓடவிட்டு, இரண்டு கார்டுகளையும் `tcpdump` கொண்டு ஒட்டுக்கேட்டால் (சர்வர் முகவரியை மட்டும் மாற்றியிருக்கிறேன்):

```
wg0:   IP 10.8.0.5 > 10.8.0.1: ICMP echo request, id 7, seq 1, length 64
wlan0: IP 192.168.43.20.41512 > 203.0.113.20.51820: UDP, length 128
```

இரண்டும் ஒரே பிங்தான். முதல் வரியில் 64 பைட், அதோடு ஐபி தலைப்பு 20, மொத்தம் 84. வயர்கார்ட் இதை 16-இன் மடங்குக்கு உயர்த்தி 96 ஆக்குகிறது, உள்ளே இருப்பதன் சரியான நீளம் வெளியே தெரியாமல் இருப்பதற்கு அதுவும் கொஞ்சம் உதவும். மறையாக்கம் செய்து, முன்னால் தன் தலைப்பு 16 பைட், பின்னால் யாரும் கைவைக்கவில்லை என்று உறுதி செய்யும் முத்திரை 16 பைட் சேர்த்தால் 128. அந்த 128 ஒரு யுடிபி பாக்கெட்டின் வயிற்றுக்குள் போகிறது: யுடிபி தலைப்பு 8, வெளி ஐபி தலைப்பு 20, ஆக 156 பைட். இந்த வெளி பாக்கெட் சர்வரின் பொது முகவரிக்குப் போவதால் அட்டவணை அதை wlan0-வுக்கு அனுப்புகிறது, மறுபடி wg0-வுக்குள் சுற்றிக்கொண்டு வராது.

நடுவில் இருப்பவருக்கு, அதாவது ஹாட்ஸ்பாட் கொடுத்தவருக்கோ இணைய நிறுவனத்துக்கோ, இரண்டாம் வரி மட்டுமே தெரியும். எந்த சர்வருக்கு, எப்போது, எவ்வளவு என்பது தெரியும். உள்ளே பிங்கா சம்பளப் பட்டியலா என்பது தெரியாது. சர்வரில் உறை பிரிந்த பிறகு என்ன ஆகும் என்பது சர்வரை நடத்துபவர் கையில்.

இந்த உறைக்கு இடம் வேண்டுமே, அங்கேதான் வினை வருகிறது. சாதாரண வழியில் ஒரு பாக்கெட் 1500 பைட் வரை இருக்கலாம். வெளி உறை ஐபிவி4 என்றால் கூடுதல் சுமை 60 பைட், ஐபிவி6 என்றால் 80. மோசமான கணக்கையே எடுத்து 1500-இல் 80 கழித்துத்தான் wg0-வின் `mtu`, அதாவது ஒரு பாக்கெட்டின் உச்ச அளவு, 1420 என்று வைத்திருக்கிறார்கள்.

ஒரு செம்பனைத் தோட்ட ஆபீஸில் புது பைபர் போட்ட மறுநாள் கிராணி அக்கா கூப்பிட்டார். "தம்பி, பாஸ்வேர்ட் போட்டு உள்ளே போயிடுது, எடைச் சீட்டு ரிப்போர்ட்டைத் திறந்தா சுத்திக்கிட்டே இருக்கு. போன் ஹாட்ஸ்பாட்ல போட்டா உடனே வந்துடுது." சின்னது வருகிறது, பெரியது நிற்கிறது என்றாலே நான் முதலில் அளவைத்தான் சந்தேகிப்பேன். என் மடிக்கணினியை அந்த பைபரில் போட்டு:

```
ping -M do -s 1372 10.8.0.1
ping -M do -s 1392 10.8.0.1
```

முதலாவதற்குப் பதில் வந்தது, இரண்டாவதற்கு ஒன்றுமே இல்லை. `-M do` என்றால் துண்டு போடாதே என்று அர்த்தம். `-s` எண்ணோடு 28 கூட்டினால் உள் பாக்கெட்டின் அளவு, அதாவது 1400-உம் 1420-உம். அந்த பைபர் பிபிபிஓஇ வகை, அதற்கே 8 பைட் போய்விடும், மிச்சம் 1492தான். `wg show`-வில் `endpoint` வரி ஐபிவி6 முகவரியைக் காட்டியது, ஆகவே 1420-உம் 80-உம் சேர்ந்து 1500. வெறும் 8 பைட் இடிக்கிறது. ஹாட்ஸ்பாட்டில் போட்டபோது அது ஐபிவி4 வழியாகப் போயிருந்தது, அங்கே 1480தான், தாராளமாக இடம் இருந்தது.

ஐபிவி6-இல் நடுவழி ரவுட்டர் பெரிய பாக்கெட்டைத் துண்டு போடாது. கீழே போட்டுவிட்டு, 'பெரிதாக இருக்கிறது' என்று அனுப்பியவருக்கு ஓர் ஐசிஎம்பிவி6 செய்தி அனுப்பும். தலைமையக ஃபயர்வாலில் யாரோ பாதுகாப்பு என்று ஐசிஎம்பிவி6 முழுவதையும் அடைத்துவைத்திருந்தார்கள். அதனால் சர்வருக்கு விஷயமே தெரியாமல், அதே பெரிய பாக்கெட்டைத் திரும்பத் திரும்ப அனுப்பிக்கொண்டிருந்தது.

அக்காவின் கணினி விண்டோஸ். 1492-இல் 80 போனால் 1412, ஆனால் வயர்கார்ட் 16-இன் மடங்குக்கு உயர்த்துவதால் அதற்குள் அடங்கும் மடங்கான 1408-ஐ எடுத்து, அமைப்புக் கோப்பில் `[Interface]` பகுதியின் கீழே ஒரு வரி சேர்த்தேன்:

```
MTU = 1408
```

டனலை அணைத்துப் போட்டதும் ரிப்போர்ட் வந்துவிட்டது. டிசிபி இணைப்பு தொடங்கும்போதே 'எனக்கு இவ்வளவு பெரிய துண்டுக்கு மேல் வேண்டாம்' என்று இந்தப் பக்கம் சொல்லிவிடுவதால் சர்வரும் சின்னதாகவே அனுப்புகிறது. டிசிபி அல்லாதவற்றுக்கு இந்தத் தந்திரம் உதவாது, அதனால் அந்த 'பெரிதாக இருக்கிறது' செய்தியான ஐசிஎம்பிவி6 வகை 2-ஐயாவது திறந்துவிடச் சொல்லித் தலைமையக ஐடி ஆட்களுக்கு, இரண்டு பிங்கின் முடிவையும் ஒட்டி, ஒரு மின்னஞ்சல் போட்டேன்.