டியூப் அடைப்பு: எந்த இடத்தில் என்று கேளுங்கள்

சென்ற வருடம் 28 வயதுப் பெண் ஒருவர் கையில் ஒரு பெரிய கவரோடு வந்தார். திருமணமாகி நான்கு வருடம், குழந்தை இல்லை. மாதவிடாய் ஒழுங்காக வருகிறது, கணவரின் விந்தணுப் பரிசோதனையில் குறை எதுவும் இல்லை. கவருக்குள், கருக்குழாய் திறந்திருக்கிறதா என்று பார்க்கும் ஹெச்.எஸ்.ஜி. எக்ஸ்ரே ரிப்போர்ட். "இரண்டு டியூபும் கார்னுவல் பிளாக்" என்று ஒரே வரி. அதைப் பார்த்துவிட்டு, உடலுக்கு வெளியே கருவை உருவாக்கும் ஐ.வி.எஃப். தவிர வேறு வழி இல்லை என்று ஓர் இடத்தில் சொல்லியிருக்கிறார்கள். நகையை அடகு வைக்கலாமா என்று வீட்டில் பேச்சு நடந்துகொண்டிருந்தது.

நான் ரிப்போர்ட்டைக் கீழே வைத்துவிட்டு எக்ஸ்ரே படங்களை விளக்குப் பெட்டியில் மாட்டினேன். ரிப்போர்ட்டில் ஒரு வரிதான் இருக்கும். படத்தில்தான் கதை இருக்கும்.

ஹெச்.எஸ்.ஜி. என்பதைத்தான் பலர் டை டெஸ்ட் என்கிறார்கள். மாதவிடாய் ரத்தப்போக்கு நின்றதும், பெரும்பாலும் சுழற்சியின் 6 முதல் 10-ஆம் நாளுக்குள் செய்வோம். கருப்பை வாய் வழியாக ஒரு மெல்லிய குழாயை வைத்து, எக்ஸ்ரேயில் வெள்ளையாகத் தெரியும் அயோடின் கலந்த மருந்தை மெதுவாகச் செலுத்துவோம். முதலில் கருப்பை ஒரு முக்கோணமாக நிரம்பும். அதன் இரண்டு மேல் மூலைகளிலிருந்து நூல் போலக் கருக்குழாய்கள் ஓடும். கடைசியில் மருந்து நுனியில் வழிந்து வயிற்றுக்குள் புகை போலப் பரவும். அப்படிப் பரவினால் குழாய் திறந்திருக்கிறது என்று அர்த்தம்.

அந்தப் பெண்ணின் படத்தில் முக்கோணம் மட்டும் இருந்தது. இரண்டு மூலைகளுக்கு மேல் மருந்து போகவே இல்லை. கருக்குழாய் கருப்பையை விட்டுக் கிளம்பும் இந்த மூலைக்குத்தான் கார்னு என்று பெயர். அங்கே குழாய் கருப்பையின் தசைக்குள்ளேயே புதைந்திருக்கிறது. உள்ளே இருக்கும் துவாரம் ஒரு மில்லிமீட்டர்கூட இருக்காது. வலியிலும் பயத்திலும் சுற்றியுள்ள தசை இறுகினால் அந்தத் துவாரம் தற்காலிகமாக மூடிக்கொள்ளும். சில நேரம் சளி போன்ற கட்டியோ, உதிர்ந்த திசுவோ அடைத்துக்கொண்டிருக்கும். உண்மையான தழும்பும் இருக்கலாம். மூன்றும் படத்தில் ஒரே மாதிரிதான் தெரியும். இப்படி மூலையில் அடைப்பு என்று வந்தவர்களுக்குச் சில வாரம் கழித்து மறுபடி டெஸ்ட் செய்தால், ஏறக்குறைய பாதிப் பேருக்குக் குழாய் திறந்தே இருக்கும்.

அதனால் அவரிடம் டெஸ்ட் நடந்த விதத்தைக் கேட்டேன். வலி மாத்திரை முன்கூட்டியே தரவில்லை. மருந்து போனதும் "உயிர் போற வலி" என்றார். அவர் கத்தியதும் சட்டென்று நிறுத்திவிட்டார்கள். சற்றுப் பொறுத்து எடுக்கும் தாமதப் படம் கவரில் இல்லை. தசை இறுக்கமாக இருக்க நிறைய வாய்ப்பு உண்டு என்று தோன்றியது. டெஸ்டுக்கு ஒரு மணி நேரம் முன்பு ஒரு வலி மாத்திரை கொடுத்து, மருந்தை அவசரப்படாமல் செலுத்தியிருந்தால் இந்தப் படமே வேறாக இருந்திருக்கலாம். இதை எழுதும்போதுகூட வருத்தமாக இருக்கிறது.

இரண்டு வழிகளைச் சொன்னேன். டை டெஸ்ட்டை இன்னொரு முறை நிதானமாகச் செய்து பார்ப்பது ஒன்று. மயக்க மருந்து கொடுத்து, வயிற்றுக்குள் கேமரா விட்டுப் பார்க்கும் லேப்ராஸ்கோப்பியும் கருப்பைக்குள் கேமரா விட்டுப் பார்க்கும் ஹிஸ்டரோஸ்கோப்பியும் சேர்த்துச் செய்வது இன்னொன்று. மாதவிடாய் வலியும் அதிகம் என்று அவர் சொன்னதால், கருப்பை உள்சவ்வு போன்ற திசு கருப்பைக்கு வெளியே வளரும் எண்டோமெட்ரியோசிஸ் இருக்கிறதா என்று நேரில் பார்க்க வேண்டியிருந்தது. இரண்டாவதைத் தேர்ந்தெடுத்தோம்.

ஆபரேஷன் தியேட்டரில் நீலச் சாயத்தைக் கருப்பைக்குள் செலுத்தினோம். இடது குழாயின் நுனியிலிருந்து உடனே நீலம் வழிந்தது. அந்தப் பக்கம் அடைப்பே இல்லை. வலது பக்கம் வரவில்லை. ஹிஸ்டரோஸ்கோப் வழியாக அந்த மூலையைப் பார்த்துக்கொண்டே, ஒரு மெல்லிய குழாயையும் அதற்குள் முடி போன்ற கம்பியையும் நுழைத்தோம். வயிற்றுப் பக்கம் லேப்ராஸ்கோப் கண்காணித்தது. லேசான தடை, பிறகு கம்பி உள்ளே போனது, நீலமும் வந்தது. இதை டியூபல் கேனுலேஷன் என்கிறோம். கம்பி போகாவிட்டால் நான் அழுத்துவதில்லை. அழுத்தினால் குழாயில் ஓட்டை விழலாம். போகவில்லை என்றால் உண்மையான தழும்பு என்று எடுத்துக்கொண்டு ஐ.வி.எஃப். பக்கம் திரும்புவதே சரி. திறந்த குழாய் சிலருக்கு மீண்டும் அடைத்துக்கொள்வதும் உண்டு.

இதே அடைப்பு குழாயின் கடைசி நுனியில் இருந்தால் என் பேச்சு முழுக்க மாறிவிடும். நுனியில் விரல்கள் போல விரிந்திருக்கும் பகுதிதான் சினைமுட்டையை அள்ளி எடுக்கிறது. பழைய தொற்றில் அது ஒட்டிப்போனால் குழாய்க்குள் நீர் கட்டி உப்பிக்கொள்ளும். இதற்கு ஹைட்ரோசால்பிங்ஸ் என்று பெயர். படத்தில் மருந்து உள்ளே போய், நுனி கத்தரிக்காய் போல வீங்கித் தெரியும், வெளியே வழியாது. இப்படித் தெரிந்தால் டெஸ்ட் முடிந்ததும் ஆன்டிபயாட்டிக் கொடுத்தாக வேண்டும், தேங்கிய நீரில் தொற்று கிளம்பலாம்.

குழாய் லேசாக மட்டும் உப்பி, சுவர் மெல்லிசாக, உள்மடிப்புகள் கெடாமல், வயது குறைவாக இருந்தால் நுனியைத் திறந்துவிடுவது பயன் தரலாம். சுவர் தடித்து, உள்ளே எல்லாம் ஒட்டிப்போயிருந்தால் திறந்து பயனில்லை. வழி திறந்திருந்தாலும் கருவை நகர்த்தும் நுண்ணிய ரோமங்கள் செத்துப்போயிருக்கும், கரு குழாயிலேயே தங்கிவிடலாம்.

இங்கேதான் நோயாளிகள் அதிகம் குழம்புகிறார்கள். "ஐ.வி.எஃப்.ல டியூப் வேலையே இல்லையே டாக்டர், அதை ஏன் எடுக்கணும்?" என்று போன மாதம்கூட ஒருவர் கேட்டார். நியாயமான கேள்வி. அந்தத் தேங்கிய நீர் கருப்பைக்குள் ஒழுகுகிறது. கருவுக்கு அது ஒத்துக்கொள்ளாது, பதியவும் விடாது. ஸ்கேனிலேயே தெரியும் அளவு வீங்கிய குழாயோடு ஐ.வி.எஃப். செய்தால் வெற்றி வாய்ப்பு ஏறக்குறைய பாதியாகக் குறையும். குழாயை எடுத்துவிட்டாலோ, கருப்பைப் பக்கம் கிளிப் போட்டு வழியை மூடிவிட்டாலோ அந்த வாய்ப்பு திரும்பக் கிடைக்கும். இங்கே ஆபரேஷன் ஐ.வி.எஃப்.க்கு மாற்று ஆகாது, அதற்கு முந்தைய படி.

நம் ஊரில் இன்னொன்றையும் மறக்கக் கூடாது, காசநோய். படத்தில் குழாய் மணி கோத்தது போலவோ, விறைத்த பைப் போலவோ தெரிந்தால் கருப்பை உள்சவ்வைப் பரிசோதனைக்கு அனுப்புவேன். காசநோய் என்று உறுதியானால் மாத்திரைதான் முதலில். அந்தக் குழாயைச் சீர் செய்யும் ஆபரேஷனில் நான் கை வைக்க மாட்டேன்.

வயது 37, 38-ஐத் தாண்டியிருந்தாலோ, முட்டை இருப்பு குறைந்திருந்தாலோ, கணவரின் விந்தணு மிகக் குறைவாக இருந்தாலோ, ஒரே குழாயில் மூலையிலும் நுனியிலும் அடைப்பு இருந்தாலோ நேராக ஐ.வி.எஃப். என்றுதான் சொல்வேன். குழாயைத் திறந்துவிட்டு ஒரு வருடம் காத்திருக்கும் அவகாசம் அவர்களுக்கு இல்லை.

அந்த 28 வயதுப் பெண் ஆபரேஷன் முடிந்த ஐந்தாம் மாதம் நாள் தள்ளிப்போயிருக்கிறது என்று போன் செய்தார். சந்தோஷத்தைச் சொல்லிவிட்டு, வயிற்று வலியோ ரத்தக் கசிவோ இருந்தால் இரவானாலும் வர வேண்டும் என்றேன். குழாயில் கை வைத்தவர்களுக்குக் கரு குழாயிலேயே தங்கும் ஆபத்து மற்றவர்களைவிட அதிகம். ஆறாவது வாரம் ஸ்கேனில் முதலில் தேடியது கரு எங்கே இருக்கிறது என்பதைத்தான். கருப்பைக்குள்ளேயே இருந்தது. அதற்குப் பிறகுதான் திரையை அவர் பக்கம் திருப்பினேன்.