கலெக்டர் எழுதியதைத் தலைகீழாக்கினால் வரலாறு ஆகிவிடாது

இன்னொரு கல்வெட்டு வாசகம் சரிபார்க்கச் சொல்லி வந்திருக்கிறது. குடியாத்தம் பக்கம் ஊர் முகப்பில் வைக்கப்போகிறார்களாம். மலையடிவாரத்துப் பாளையக்காரர் ஒருவருக்குப் பிறந்த தேதி, ஜென்ம நட்சத்திரம், வாள் ஏந்திய படம் எல்லாம் தயார். ஆதாரம் எங்கே என்று கேட்டால், வட ஆர்க்காடு மாவட்ட மேனுவலில் இருந்து ஒரு பத்தியின் ஜெராக்ஸ். அதில் அந்த மனிதருக்குப் பெயர்கூட இல்லை. பாளையத்தின் பெயர்தான் இருக்கிறது.

வேலூரில் வரலாறு சொல்லிக்கொடுப்பவன் என்பதால் இப்படி வருவதெல்லாம் என் மேஜைக்கு வருகிறது. மறுத்தால் கோபித்துக்கொள்கிறார்கள். அதனால் இந்த முறை எழுதியே வைத்துவிடுகிறேன்.

சித்தூர் பாளையங்களைப் பற்றித்தான் பேச்சு. 1911 வரை சித்தூர் வட ஆர்க்காட்டின் தலைநகரம் என்பதால் அந்தக் கதை நம் மாவட்டக் கதையும்தான். 1801இல் ஆர்க்காடு நவாபிடமிருந்து, அப்போது கர்நாடகம் என்று அழைக்கப்பட்ட இந்தப் பகுதி கம்பெனி கைக்கு வந்தது. அடுத்த சில ஆண்டுகளில் இந்த மலைப் பாளையக்காரர்கள் கிளர்ந்தெழுந்தார்கள், படை வந்து அடக்கியது, பெரும்பாலான பாளையங்கள் பறிபோயின. அவர்களில் பலரைப் பற்றி நமக்குக் கிடைப்பதெல்லாம் கலெக்டர்களும் படை அதிகாரிகளும் சென்னைக்கு எழுதிய கடிதங்கள்தான்.

அந்தக் கடிதங்களில் அவர்கள் கொள்ளைக்காரர்கள், அடங்காதவர்கள். வெள்ளைக்காரன் பொய் சொல்லியிருப்பான், ஆகவே ‘கொள்ளைக்காரன்’ என்று இருக்கும் இடத்தில் ‘விடுதலை வீரர்’ என்று போட்டுவிட்டால் சரியாகிவிடும் என்று நம் ஆட்கள் நினைக்கிறார்கள். என்னைப் படுத்தி எடுப்பது இந்த நினைப்புதான். இப்படிச் செய்பவர் அறிக்கையை எதிர்த்துப் படிக்கவில்லை. கலெக்டர் சொன்னதை அப்படியே ஏற்றுக்கொண்டு, மார்க்கை மட்டும் மாற்றிப் போடுகிறார். ‘கம்பெனி ஆட்சியையே எதிர்த்தார்கள்’ என்பதும் கலெக்டரின் வாதம்தான். அப்படி எழுதினால்தான் அவருக்குப் படை கிடைக்கும். பாளையக்காரர் உண்மையில் எதற்காகச் சண்டை போட்டார் என்ற கேள்வி இரண்டு பக்கமும் விட்டுப்போகிறது.

எப்படிப் படிப்பது என்பதற்குக் காவல் விஷயத்தையே எடுத்துக்கொள்வோம். ஊரைக் காப்பது பாளையக்காரரின் பொறுப்பு. அதற்காக ஊர்கள் அறுவடையில் ஒரு பங்கோ பணமோ கொடுக்கும். மாடு களவு போனால் கண்டுபிடித்துத் தர வேண்டும், இல்லாவிட்டால் ஈடு கொடுக்க வேண்டும். எல்லாரும் ஒழுங்காகக் கொடுத்தார்கள் என்று சொல்லவில்லை. மிரட்டி வாங்கியவர்களும் உண்டு. கம்பெனி வந்ததும் காவல் இனி எங்கள் வேலை என்று சொல்லி அந்த வரும்படியை நிறுத்தியது. கிளர்ச்சிக்கு அது ஒரு முக்கியக் காரணம். அதன்பிறகு பாளையக்காரரின் ஆட்கள் வழக்கம்போல ஊருக்குள் போய் வழக்கமான பங்கைக் கேட்டால், கலெக்டர் அலுவலகமான கச்சேரியின் கணக்கில் அது கொள்ளை.

ஆகவே ‘ஊரைச் சூறையாடினான்’ என்று ஒரு கடிதத்தில் பார்த்தால் முதலில் தேதியைப் பாருங்கள். காவல் வரும்படி நிறுத்தப்பட்டதற்கு முன்பா, பின்பா? அப்புறம் மாதம். சம்பா அறுவடை முடிந்து நெல் களத்தில் கிடக்கும் தை, மாசியா? எடுத்தது என்ன, எவ்வளவு? எல்லா வீட்டிலும் ஒரே அளவில் தானியம் எடுத்திருந்தால், அது வசூல் போல இருக்கிறது. மாட்டை ஓட்டிக்கொண்டு போய் வீட்டைக் கொளுத்தியிருந்தால், அது வசூல் இல்லை. புகார் சொன்னது ஊர்க்காரரா, கம்பெனியின் வரி அதிகாரியான அமில்தாரா என்பதும் முக்கியம். கலெக்டர் அந்த ஊரைப் பார்த்தே இருக்கமாட்டார். அமில்தார் எழுதி அனுப்பியதைக் கச்சேரியில் மொழிபெயர்த்து அவர் முன் வைத்திருப்பார்கள். இத்தனையும் பார்த்த பிறகும் அது கொள்ளைதான் என்று தெரியவந்தால், கொள்ளை என்றே எழுதுங்கள். பாளையக்காரர் எல்லாரும் உத்தமர் என்று நிரூபிக்க இங்கே யாரும் உட்கார்ந்திருக்கவில்லை.

எண்களிலும் இதே கதைதான். பாளையம் கட்ட வேண்டிய கப்பமான பேஷ்குஷை உயர்த்த நினைக்கும் கலெக்டர் பாளையம் செழிப்பாக இருக்கிறது என்று எழுதுவார். படை கேட்கும்போது அதே பாளையத்தில் ஆயுதம் தாங்கிய ஆட்கள் பெருகிவிடுவார்கள். பாளையக்காரரின் அர்ஜியில் மழையே பெய்திருக்காது. இரண்டு தரப்புக்கும் அந்த எண்ணால் ஆதாயம் உண்டு என்பதால், அவற்றை மேல் எல்லை, கீழ் எல்லை என்று மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். நான் மாணவர்களிடம் தேடச் சொல்வது வாதம் இல்லாத காகிதங்களை: படைக்கு வாங்கிய அரிசிக் கணக்கு, காயம்பட்டவர் பட்டியல், பிடித்த துப்பாக்கிகளின் எண்ணிக்கை. நூற்றுக்கணக்கான பேர் எதிர்த்தார்கள் என்று கடிதம் சொல்லி, கைப்பற்றிய துப்பாக்கி ஒரு கைப்பிடிதான் என்றால் யோசிக்க வேண்டியிருக்கிறது.

இன்னொன்றைப் பலர் கவனிப்பதே இல்லை. காளஹஸ்தி, கார்வேட்டிநகரம் பாளையக்காரர்களிடமும் ஆட்கள் இருந்தார்கள், காவல் இருந்தது. கம்பெனி அவர்களுடைய படைச் சேவையைப் பணமாக மாற்றி, 1802 வாக்கில் சன்னது என்ற நிரந்தர உரிமைப் பத்திரம் கொடுத்தது. அதோடு அவர்கள் மரியாதைக்குரிய ஜமீன்தார்கள் ஆகிவிட்டார்கள். சித்தூர்ப் பாளையங்களோடு சேர்த்து எண்ணப்பட்ட கங்குந்தியும் தப்பிப் பிழைத்து ஜமீனாக நீடித்தது. யாரோடு உடன்பாடு முடிந்ததோ அவருக்கு ஒரு வர்ணனை, முடியாதவருக்கு வேறு வர்ணனை. ஒருவரின் குணத்தைப் பற்றி அறிக்கையில் படிக்கும்போது, அது எழுதப்பட்ட அன்று பேச்சுவார்த்தை எந்தக் கட்டத்தில் இருந்தது என்று பாருங்கள்.

மேனுவலுக்கு வருகிறேன். ஆர்தர் காக்ஸ் அதை வெளியிட்டது 1881இல். கிளர்ச்சி முடிந்து முக்கால் நூற்றாண்டு ஆகிவிட்டது. பழைய கடிதக் கட்டுகளைச் சுருக்கி எழுதிய பத்தி அது. யார் யாருக்கு எழுதினார், எந்தக் கோரிக்கையோடு எழுதினார் என்பதெல்லாம் சுருக்கத்தில் உதிர்ந்துபோனது. அதை வைத்துக் கல்வெட்டு வெட்டாதீர்கள், தயவுசெய்து. எழும்பூர் ஆவணக் காப்பகத்தில் ரெவின்யூ போர்டு நடவடிக்கைகள் இருக்கின்றன. கடிதத்தை மட்டும் படித்துவிட்டு எழுந்துவிடாமல் இணைப்புகளையும் கேளுங்கள். பாளையக்காரரின் அர்ஜி கிடைத்தால் பெரும்பாலும் அங்கேதான் கிடைக்கும், மொழிபெயர்ப்பாக இருந்தாலும். கலெக்டருக்கும் படை அதிகாரிக்கும் ஒத்துப்போகாத இடங்களைக் குறித்துக்கொள்ளுங்கள். ஒருவர் மறைப்பதை மற்றவர் போட்டுக்கொடுத்திருப்பார். கம்பெனியின் நில அளவை அதிகாரி மெக்கன்சி சேகரித்த கைபீதுகளையும், அதாவது ஊர்க்காரர்களும் குடும்பங்களும் சொன்ன வரலாறுகளையும் பாருங்கள். ஆனால் நம் ஆள் சொன்னது என்பதற்காக அதை வேதவாக்காக எடுத்துக்கொள்ள வேண்டாம். பறிபோன மானியத்தைத் திரும்பக் கேட்கும் குடும்பமும் தன் பெருமையைக் கூட்டித்தான் சொல்லும்.

ஒரு பாளையத்தின் பெயரில் அப்பா, மகன், பங்காளி எல்லாரும் அறிக்கைகளில் ஒரே ஆளாகத் தெரிவார்கள். வருடத்தை வைத்துப் பிரிக்க முடிந்தால் பிரியுங்கள், முடியாவிட்டால் ‘இந்தப் பாளையத்தின் தலைவர், 1804’ என்று நிறுத்திக்கொள்ளுங்கள். பிறந்த தேதி இல்லையென்றால் இல்லை. அந்த நட்சத்திரம் எங்கிருந்து வந்தது என்று இன்னும் யாரும் எனக்குச் சொல்லவில்லை.

பேரணாம்பட்டு, குடியாத்தம், பலமநேர் பக்கம் யார் வீட்டிலாவது செப்புப் பட்டயமோ ஓலையோ பழைய பட்டாவோ இருந்தால், லேமினேட் மட்டும் செய்துவிடாதீர்கள். செப்பைப் புளி போட்டும் தேய்க்க வேண்டாம். வெளிச்சத்தில் இரண்டு பக்கமும் போட்டோ எடுங்கள், அளவு தெரிய ஒரு ஸ்கேலைப் பக்கத்தில் வையுங்கள். மூலத்தை யார் கேட்டாலும் கொடுக்காதீர்கள், நான் கேட்டாலும்.