கடற்கரைப் படத்தில் குப்பையை ஒரே நிரப்பலில் அழிக்காதீர்கள்

சமீபத்தில் ஒரு கடற்கரைப் படம் திருத்தத்துக்கு வந்தது. மணல் முழுக்க தாள், மூடி, பிளாஸ்டிக் துண்டு என்று நாற்பதுக்கு மேல் சின்னச் சின்னப் பொருட்கள். அனுப்பியவர் ஏற்கெனவே எல்லாவற்றையும் லாசோவால் ஒன்றாக வளைத்து, போட்டோஷாப்பில் ஒரே தடவையில் நிரப்பிப் பார்த்திருந்தார். குப்பை போயிருந்தது. ஆனால் காய்ந்த மணலின் நடுவே கடல் நுரை கிடந்தது. ஒரே காலடித்தடம் மூன்று இடங்களில் தெரிந்தது.

காரணம் இதுதான். மென்பொருளுக்கு மணல் எது, நுரை எது என்று தெரியாது. ஓட்டையின் ஓரத்தில் உள்ள நிறத்துக்குப் பொருந்தும் துண்டை, நாம் அனுமதித்த இடத்திலிருந்து எடுத்து ஒட்டுகிறது. பெரிதாக வளைத்தால் குப்பைகளுக்கு இடையிலிருந்த நல்ல மணலும் சேர்ந்து போய்விடும். அப்புறம் அது தொலைவில் போய்த்தான் தேட வேண்டும்.

அதனால் நான் ஒவ்வொரு பொருளையும் தனியாகத் தேர்ந்தெடுக்கிறேன். நிழலையும் சேர்த்து, ஓரத்தில் நாலைந்து பிக்சல் கூடுதலாக விட்டு. பிறகு Edit > Content-Aware Fill திறந்து, Sampling Area Options-இல் Custom. பச்சை நிறம் பூசிய இடத்திலிருந்து மட்டுமே அது மாதிரி எடுக்கும். அந்தப் பச்சையைப் பொருளின் இடது, வலது பக்கத்தில், அதே உயரத்தில் பூசுங்கள். அருகிலுள்ள மணல் பருமனாகவும் தூரத்து மணல் நுண்மையாகவும் தெரிவதால், கீழிருந்து எடுத்த மணல் மேலே சொரசொரப்பான திட்டாக நிற்கும். பக்கத்துக் குப்பை எதுவும் பச்சைக்குள் வரக்கூடாது. வந்தால் அதுவே பிரதியாகும். Output To-வில் New Layer வைத்தால் தவறியதை மட்டும் அழித்துவிட்டு மறுபடி செய்யலாம்.

இந்தப் படத்தில் கஷ்டப்படுத்தியது ஒரு பாட்டில். பாதி ஈர மணலில், பாதி காய்ந்த மணலில் கிடந்தது. எங்கிருந்து மாதிரி எடுத்தாலும் மறுபாதி கெடும். சரி, பாதி பாதியாக நிரப்பலாம் என்றால், மிச்சமிருக்கும் பாட்டிலின் நிறம் நிரப்பிய பகுதியின் ஓரத்தில் கசியும். எனவே முதலில் ஈர மணலும் காய்ந்த மணலும் சேரும் எல்லைக்கோட்டை மீட்டேன். Clone Stamp எடுத்து, பாட்டிலுக்குச் சற்று இடப்பக்கம் அந்தக் கோட்டின் மேல் Alt அழுத்திக் கிளிக் செய்து, பாட்டிலின் குறுக்கே பூசினேன். பாட்டில் இரண்டு துண்டானது. நடுவில் உண்மையான மணல். அதற்குப் பிறகு மேல்துண்டுக்கு ஈர மணலும் கீழ்த்துண்டுக்குக் காய்ந்த மணலும் மாதிரி. நுரைக்குள் கிடந்த இரண்டு மூடிகளுக்கும் Clone Stamp மட்டும்தான். நுரையின் வடிவம் எங்கும் ஒன்றுபோல இருக்காது.

ஒன்று: கடற்கரையின் நிலையைக் காட்ட எடுத்த செய்திப் படமென்றால் குப்பையைத் தொடவே மாட்டேன். இது குடும்பப் படம்.

கடைசியில் மேலே ஒரு Curves லேயர் போட்டு, கோட்டைச் செங்குத்தாக இழுத்துப் பார்த்தேன். சாதாரணமாகக் கண்ணுக்குத் தப்பும் திட்டுகள் அப்போது துலங்கும். நான்கு இடங்கள் மாட்டின. நான்கிலும் நிழலின் நுனியை விட்டிருந்தேன்.