மிக்சி வாங்கியது அவனுக்கு எப்படித் தெரியும்?

எங்கள் கிளையில் புகார்களைக் கவனிக்கும் மேசைக்கு, இதே காரணத்தோடு, இந்த மாதம் வந்த மூன்றாவது ஆள் அவர். ஓய்வுபெற்ற ஆசிரியை, ஓய்வூதியம் எங்கள் கிளையில்தான் வரவாகிறது. கணக்கிலிருந்து 48,762 ரூபாய் போயிருந்தது. எப்படிப் போனது என்று சொல்வதற்கு முன்பே, முந்தைய இருவரும் சொன்ன அதே வார்த்தைகளை அவரும் சொன்னார்: "தம்பி, அவனுக்கு எல்லாமே தெரிஞ்சிருந்ததே. என் பேரு, வீட்டு நம்பர், மிக்சி வாங்கினது, அதோட விலை. இவ்வளவும் சொன்னவனை எப்படி நம்பாம இருக்கிறது?"

கேட்டுக் கேட்டு எனக்குச் சலித்துப்போன கேள்வி இது. ஆனாலும் அவரிடம் சலிப்பைக் காட்ட மனம் வரவில்லை.

நடந்தது இதுதான். இணையத்தில் 3,249 ரூபாய்க்கு ஒரு மிக்சி கேட்டிருந்தார்; பொருள் வீட்டுக்கு வந்ததும் பணத்தைக் கையில் கொடுத்து வாங்கிக்கொண்டார். நான்காம் நாள் ஓர் அழைப்பு வந்தது. நிறுவனத்தின் வாடிக்கையாளர் சேவையிலிருந்து பேசுவதாகச் சொன்னவன், அவருடைய பெயர், கதவு எண், தெரு, ஆர்டர் எண், மிக்சியின் மாடல், கொடுத்த தொகை எல்லாவற்றையும் வரிசையாகச் சொன்னான். அந்தத் தொகுப்பில் வந்த மிக்சிகளில் மோட்டார் பழுதாக இருப்பதால் பணத்தைத் திருப்பித் தருகிறோம், மிக்சியையும் நீங்களே வைத்துக்கொள்ளலாம் என்றான். கையில் கொடுத்த பணம் என்பதால் திருப்பி அனுப்ப அட்டையோ கணக்கோ நிறுவனத்திடம் இல்லை, யூபிஐ வழியாகத்தான் அனுப்ப முடியும் என்று அவன் சொன்னது அவருக்கு நியாயமாகவே பட்டது. பிறகு ஒரு யூபிஐ முகவரியைக் கொடுத்து அதைத் திறக்கச் சொன்னான். திரையில் யாரோ ஒரு தனிமனிதரின் பெயர் வந்தது. "எங்க அக்கவுண்டன்ட் பேரு மேடம்" என்றான். "இப்ப கட்டத்துல ரீஃபண்ட் கோடு 48762ன்னு அடிங்க. பின் நம்பர் போட்டா கோடு வெரிஃபை ஆகிடும்." அந்தக் கட்டம் தொகையை நிரப்புவதற்கான கட்டம். அவர் அடித்தது கோடு. வங்கிக்குப் போனது நாற்பத்தெட்டாயிரத்து எழுநூற்று அறுபத்திரண்டு ரூபாய் அனுப்பும் உத்தரவு.

மறுநாள் மிக்சி வந்த அட்டைப்பெட்டியைக் கொண்டுவர முடியுமா என்று கேட்டேன். வாசலில் பழைய பேப்பர்காரருக்காக வைத்திருந்ததை எடுத்து வந்தார். பெட்டியின் மேல் ஒட்டியிருந்த சீட்டைப் பார்த்து நான் சத்தமாகப் படித்தேன். பெயர், கதவு எண், தெரு, ஆர்டர் எண், வசூலிக்க வேண்டிய தொகை என்று பெரிய எழுத்தில் 3,249. பக்கவாட்டில் ஒரு பிளாஸ்டிக் உறைக்குள் மடித்து வைத்திருந்த பில்லில் மாடல் பெயரும் தேதியும் கைபேசி எண்ணும் இருந்தன. அரை நிமிடம்கூட ஆகவில்லை. அழைத்தவன் சொன்னவற்றில் நான் சொல்லாமல் விட்டது எதுவுமே இல்லை. அவர் நீண்ட நேரம் அந்தப் பெட்டியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அந்தப் பெட்டியைப் பார்த்துத்தான் அவன் அழைத்தான் என்று நான் சொல்ல வரவில்லை. அதைக் கண்டுபிடிக்க எனக்கு வழியும் இல்லை. விற்றவரின் கணக்கு, பொருளைக் கட்டியவர், கிடங்கில் பிரித்து அடுக்கியவர், வண்டியில் கொண்டுவந்தவர், குடியிருப்பின் வாசலில் பதிவேட்டில் எழுதியவர் என்று எத்தனையோ கைகள் வழியாக அதே விவரம் போயிருக்கிறது. இவர்களில் ஒருவர்கூடத் தவறு செய்யாவிட்டாலும், மொத்தமாகக் கசியும் பட்டியல்கள் இருக்கின்றன. 2021ஆம் ஆண்டில் டாமினோஸ் இந்தியாவின் கோடிக்கணக்கான ஆர்டர்களின் விவரங்கள் வெளியே போயின. ஒரு கைபேசி எண்ணை இட்டால் அந்த எண்ணுக்குரியவர் செய்த ஆர்டர்களையும் கொடுத்த முகவரியையும் காட்டும் தேடுபக்கம் ஒன்றையே யாரோ அமைத்து வைத்திருந்தார்கள். அட்டை விவரங்கள் கசியவில்லை என்று நிறுவனம் விளக்கம் சொன்னது. சரிதான். ஆனால் நம் ஆசிரியையை ஏமாற்ற அட்டை விவரம் எங்கே தேவைப்பட்டது? என்ன வாங்கினார், எங்கே இருக்கிறார் என்பதே போதுமாக இருந்தது.

இப்போது அந்த "எல்லாமே தெரிஞ்சிருந்ததே" என்பதற்கு வருகிறேன். இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல அனுமதிக்க வேண்டும்.

நாளைக் காலை எங்கள் கிளைக்கு முன்பின் தெரியாத ஒருவர் வந்து, உங்கள் பெயர், உங்கள் வீட்டு முகவரி, போன வாரம் நீங்கள் வாங்கிய பொருள் எல்லாவற்றையும் சரியாகச் சொல்லி, உங்கள் கணக்கிலிருந்து ஐம்பதாயிரம் ரூபாய் கேட்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். நான் எடுத்துக் கொடுத்துவிட்டு, பிறகு உங்களிடம் "அவருக்கு எல்லாமே தெரிஞ்சிருந்ததே, எப்படி நம்பாம இருக்கிறது?" என்று சொன்னால் நீங்கள் என்னைச் சும்மா விடுவீர்களா? விடமாட்டீர்கள், விடவும் கூடாது. உங்களைப் பற்றித் தெரிந்திருப்பதாலேயே ஒருவர் நீங்களாகிவிட முடியாது என்பது கவுன்டரில் எல்லோருக்கும் உடனே புரிகிறது. தொலைபேசியில் மட்டும், உங்களைப் பற்றித் தெரிந்திருப்பதாலேயே ஒருவர் வங்கிக்காரராகவோ கம்பெனிக்காரராகவோ ஆகிவிடுகிறார். அவன் சொன்ன விவரங்கள் அத்தனையும் உங்களைப் பற்றியவை. தன்னைப் பற்றி அவன் சொன்னது ஒரே ஒரு வாக்கியம், அதற்கு எந்தச் சான்றும் கொடுக்கவில்லை.

நாடி ஜோதிடம் பார்க்கப் போனவர்களைக் கேட்டுப் பாருங்கள். ஓலையில் நம் பெயரும் தாய் தந்தையர் பெயரும் சரியாக வந்துவிட்டால், பின்னால் வரும் பரிகாரச் செலவுக்கு மறுபேச்சு வருவதில்லை. சொன்ன பத்து சரியாக இருந்ததால் பதினொன்றாவதும் சரியாகத்தான் இருக்கும் என்று மனம் தானாகவே தாவிவிடுகிறது. மோசடிக்காரனுக்கு வேண்டியது அந்தத் தாவல்தான். முதல் இரண்டு நிமிடங்கள் அவன் உங்களிடம் எதையும் கேட்கமாட்டான், சொல்லிக்கொண்டே இருப்பான் என்பதைக் கவனியுங்கள்.

வங்கி அட்டை விஷயத்திலும் இதே வித்தை நடக்கிறது. "உங்க கார்டு நம்பர் இந்த ஆறு இலக்கத்துல ஆரம்பிக்குது, சரியா மேடம்? மீதியை நீங்க சொல்லுங்க, சரிபார்க்கிறேன்" என்பான். முதல் ஆறு இலக்கங்கள் அட்டையை வழங்கிய வங்கியையும் அட்டையின் வகையையும் குறிப்பவை. அதே வங்கியின் அதே வகை அட்டை வைத்திருக்கும் பல்லாயிரம் பேருக்கும் அவை ஒன்றேதான். கடைசி நான்கு இலக்கங்களோ பெட்ரோல் பங்கில் நீங்கள் கசக்கிப் போட்ட சீட்டில் இருக்கின்றன. நடுவில் இருப்பவைதான் உங்களுக்கே உரியவை, அவற்றைத்தான் அவன் "சரிபார்க்க" விரும்புகிறான்.

"நான் ஏமாறமாட்டேன் சார், அவனையே சோதிச்சுப் பார்ப்பேன்" என்று சொல்லும் இளைஞர்களும் வருகிறார்கள். பிறந்த தேதியைச் சொல் பார்க்கலாம், முந்தின ஆர்டரைச் சொல் பார்க்கலாம் என்று கேட்கிறார்களாம். அந்தப் பட்டியலில் அதுவும் இருந்தால் சொல்லிவிட்டுப் போகிறான். அதன்பின் நீங்கள் முன்பைவிட அதிகமாக நம்புவீர்கள். அழைத்தவரைக் கேள்வி கேட்டு அடையாளம் காண உங்களால் முடியாது. வாட்ஸ்அப்பில் தெரியும் நிறுவனச் சின்னமும், அழைப்பவர் பெயரைக் காட்டும் செயலியில் வரும் பெயரும்கூட யாரோ வைத்தவைதான்.

இதில் எங்கள் துறையின் பங்கையும் ஒப்புக்கொள்ள வேண்டும். நாங்களே அழைத்துவிட்டு, "சரிபார்ப்புக்காக உங்கள் பிறந்த தேதியைச் சொல்லுங்கள்" என்று வாடிக்கையாளரிடம் கேட்கும் கெட்ட பழக்கம் வங்கிகளில் நெடுநாளாக இருக்கிறது. நீங்கள் எங்களை அழைக்கும்போது நாங்கள் கேட்பதில் பொருள் உண்டு. நாங்கள் உங்களை அழைத்துவிட்டுக் கேட்பதில் இல்லை. இப்படிக் கேட்டுக் கேட்டு, அழைப்பவர் கேட்பார், நாம் பதில் சொல்ல வேண்டும் என்று மக்களைப் பழக்கிவிட்டதில் எங்களுக்கும் பங்கு உண்டு.

ஆகவே செய்ய வேண்டியது ஒன்றுதான்: அழைப்பைத் துண்டித்துவிட்டு நீங்களே திரும்ப அழையுங்கள். அவன் கொடுக்கும் எண்ணுக்கு வேண்டாம். கூகுளில் தேடி முதலில் கண்ணில் படும் எண்ணுக்கும் வேண்டாம். போலிச் சேவை எண்களை அங்கே நட்டு வைப்பது தனித் தொழிலாகவே நடக்கிறது. வங்கி என்றால் அட்டையின் பின்புறம் இருக்கும் எண். கடை என்றால் நீங்கள் ஆர்டர் செய்த அதே செயலிக்குள் இருக்கும் உதவிப் பகுதி. உண்மையிலேயே பணம் திரும்ப வர வேண்டியிருந்தால் அந்த ஆர்டரின் பக்கத்திலேயே அது தெரியும். பணத்தைக் கையில் கொடுத்து வாங்கியிருந்தாலும், திருப்பித் தருவதற்கான கணக்கு விவரத்தை நீங்கள் அங்கேயே பதியலாம். பணம் வாங்குவதற்கு யூபிஐ பின் எண் ஒருபோதும் தேவைப்படாது என்பதை எத்தனை முறை சொல்வது? பின் எண்ணைக் கேட்கும் திரையில் தொகையும் பெறுபவர் பெயரும் இருக்கும். தயவுசெய்து அந்த ஒரு கணம் நின்று படியுங்கள். பேச்சைப் பாதியில் துண்டித்தால் மரியாதைக் குறைவாகுமோ என்று பெரியவர்கள் தயங்குகிறார்கள். உண்மையான வங்கி ஊழியர் யாரும் அதற்காக உங்களைக் கோபித்துக்கொள்ளமாட்டார்.

ஏமாந்துவிட்டால் கிளை திறக்கும்வரை காத்திருக்கக் கூடாது. உடனே 1930 என்ற எண்ணை அழையுங்கள், அல்லது cybercrime.gov.in தளத்தில் புகாரைப் பதியுங்கள். கூடவே வங்கிக்கும் சொல்லுங்கள். போன பணம் ஒரு கணக்கிலிருந்து இன்னொன்றுக்கு நிமிடக் கணக்கில் நகர்கிறது. அது எந்தக் கணக்கில் இன்னும் மிச்சமிருக்கிறதோ அங்கேதான் நிறுத்திவைக்க முடியும். ரிசர்வ் வங்கியின் 2017ஆம் ஆண்டுச் சுற்றறிக்கைப்படி, வாடிக்கையாளர் தானே ரகசிய விவரங்களைப் பகிர்ந்ததால் ஏற்படும் இழப்பை, அவர் வங்கிக்குத் தெரிவிக்கும்வரை அவரேதான் ஏற்க வேண்டும். தன் கையாலேயே பின் எண்ணை இட்டு அனுப்பியவருக்கு வங்கியிடம் ஈடு கேட்பது அதைவிடவும் கடினம். இதை அந்த அம்மாவிடம் சொன்ன நிமிடம் எனக்கு எளிதாக இருக்கவில்லை.

அவர் இரண்டு நாள் கழித்துத்தான் வந்தார். பிள்ளைகளுக்குத் தெரிந்தால் என்ன நினைப்பார்களோ என்ற கூச்சம். பரிவர்த்தனைக் குறுஞ்செய்தியை அழித்துவிடச் சொல்லியிருக்கிறான். "ரெண்டு தடவை ரீஃபண்ட் வந்துடும், கன்ஃபியூஷன் ஆகும் மேடம்" என்றானாம். அவரும் அழித்துவிட்டார். புகாருக்குத் தேவையான பன்னிரண்டு இலக்கப் பரிவர்த்தனை எண் அவரிடம் இல்லை. அவருடைய யூபிஐ செயலியின் வரலாற்றைத் திறந்து அதைத் தாளில் எழுதிக்கொடுத்தேன். அங்கே அந்தத் தனிமனிதரின் பெயருக்குக் கீழே 48,762 என்று இருந்தது. இந்த முறை அதன் முன்னால் இருந்த ரூபாய்க் குறியையும் அவர் பார்த்தார்.