‘ரவுண்டிங் சரிசெய்யப்பட்டது’ என்றால் ஸ்டோர்ஸுக்கு என்ன புரியும்?

அம்பத்தூர் எஸ்டேட் பக்கம் ஒரு கம்பெனியின் உள்மென்பொருளைப் பார்த்துக்கொள்கிறேன். சரக்கு வந்ததும் ஸ்டோர்ஸில் அதை GRN என்ற வரவுக் குறிப்பாகப் பதிவார்கள். அக்கவுண்ட்ஸில் அதைச் சப்ளையர் பில்லோடு ஒத்துப்பார்ப்பார்கள். ஒருமுறை புதிய பதிப்பு போன மறுநாளே அக்கவுண்ட்ஸிலிருந்து போன்: “சார், பில்லுக்கும் சிஸ்டத்துக்கும் ஒரு பைசா இடிக்குது.”

எங்கள் டெவலப்பர் எழுதியிருந்த வரி இதுதான்:

```
fix rounding in GRN tax calc
```

அதையே அப்படியே மெயிலிலும் அனுப்பியிருந்தார்கள். நடந்தது என்னவென்றால், முன்பு பில்லில் உள்ள ஒவ்வொரு பொருளுக்கும் தனித்தனியே ஜிஎஸ்டி கணக்கிட்டு, பைசாவுக்கு முழுமையாக்கிக் கூட்டினோம். ரூ.110.03 வீதம் மூன்று பொருள் இருந்தால், 18 சதவீதத்தில் பொருளுக்கு 19.81, ஆக மொத்தம் 59.43. புதிய பதிப்பில் கூட்டுத்தொகை 330.09-க்கு ஒரே தடவை கணக்கிட்டதால் 59.42. டெவலப்பருக்கு அது பிழைத்திருத்தம்தான். பயன்படுத்துகிறவருக்கோ நேற்றுவரை ஒத்துப்போன எண் இன்று மாறிவிட்டது. திரையில் தெரியும் எண்ணோ, அச்சாகும் தாளோ மாறினால், அதைத் ‘திருத்தம்’ என்ற தலைப்பில் போடாமல் ‘மாற்றம்’ என்ற தலைப்பில்தான் போட வேண்டும் என்பது என் கட்சி.

பிறகு அந்தக் குறிப்பை இப்படி மாற்றி எழுதினோம்: “ஸ்டோர்ஸ், அக்கவுண்ட்ஸ் கவனத்துக்கு. சரக்கு வரவுத் திரையில் வரி இனி மொத்தத் தொகைக்கு ஒரே முறை கணக்கிடப்படும். பொருள்வாரியாக முழுமையாக்கும் சப்ளையர்களின் பில்லோடு சில பைசா வித்தியாசம் வரலாம். அதை ‘ரவுண்ட் ஆஃப்’ கட்டத்தில் போடவும். பழைய பதிவுகள் மாறாது.” அதன் பிறகு அந்தக் கேள்வியோடு யாரும் கூப்பிடவில்லை.

இரண்டு ஆவணம் வைத்துக்கொள்வது நல்லது. `CHANGELOG.md` எங்களுக்கு. அதில் `Unreleased` என்ற தலைப்பின் கீழ், வேலை முடிந்த அன்றே ஒரு வரி எழுதிவிட வேண்டும்; வெளியீட்டு நாளில் உட்கார்ந்து யோசித்தால் பாதி மறந்துபோகும். அதிலிருந்து பயனாளரைத் தொடுவதை மட்டும் பொறுக்கி எடுத்தால் வெளியீட்டுக் குறிப்பு. நூலகப் பதிப்பை உயர்த்தியதெல்லாம் ஸ்டோர்ஸுக்கு எதற்கு?

ஒரு பட்டனின் பெயரை மாற்றினால் பழைய பெயரையும் குறிப்பில் விட்டுவையுங்கள். ஆள் தேடுவது பழைய பெயரைப் போட்டுத்தான். தேதியில் மாதத்தை எழுத்தில் எழுதுங்கள்; 03/04 என்றால் மார்ச்சா ஏப்ரலா என்று இங்கேயே சண்டை வந்திருக்கிறது.

வெளியிட்டதைத் திரும்பப் பெற நேர்ந்தால் அந்தப் பதிவை அழிக்காதீர்கள். பக்கத்தில் `[YANKED]` என்று போட்டு, பயனாளர் குறிப்பில் “இன்ன நாள் மாலை திரும்பப் பெறப்பட்டது, இடையில் பதிந்தவை இன்னின்ன” என்று சேருங்கள். அந்த இடைவெளியில் பதிந்த பில்களைத்தான் ஆடிட்டர் வந்து கேட்பார்.