"சார், இதுக்கு ஆன்சர்?" – எவ்வளவு எழுதி அனுப்புவது?

டியூஷன் எடுப்பவர்களின் கைபேசிக்கு மாலை நேரத்தில் வரும் செய்திகள் பலவும் ஒரே அச்சில் இருக்கும். பாடப்புத்தகப் பக்கத்தின் படம், அதில் ஒரு கணக்கைச் சுற்றி வட்டம், கீழே "சார், இதுக்கு ஆன்சர்?" விடையைச் சரிபார்க்க நினைப்பவரும் இதையேதான் அனுப்புகிறார். முதல் வரியே புரியாமல் உட்கார்ந்திருப்பவரும் இதையேதான் அனுப்புகிறார். பதில் எழுதுபவர் தன் வழக்கப்படி எழுதிவிடுகிறார்: அவசரத்தில் இருப்பவர் வெறும் எண்ணை அனுப்புவார், பொறுமைசாலி ஒரு பக்கம் முழுக்க எழுதிப் படம் எடுத்து அனுப்புவார். இரண்டுமே பல நேரம் குறி தப்புகின்றன. எப்படித் தப்புகின்றன என்பதை ஒரு கணக்கை வைத்தே பார்த்துவிடலாம்.

```
தீர்க்க: √(x + 7) = x − 5
```

இருபுறமும் வர்க்கப்படுத்தினால் x + 7 = x² − 10x + 25. ஒருபக்கமாகக் கொண்டுவந்தால் x² − 11x + 18 = 0. காரணிப்படுத்தினால் (x − 2)(x − 9) = 0. ஆக x = 2 அல்லது 9. இவற்றை முதல் சமன்பாட்டிலேயே போட்டுப் பார்க்க வேண்டும். x = 9 எனில் இருபக்கமும் 4. x = 2 எனில் இடப்பக்கம் 3, வலப்பக்கம் −3. எனவே 2 தள்ளுபடி. விடை 9 மட்டும். −3-ஐ வர்க்கப்படுத்தினாலும் 9, 3-ஐ வர்க்கப்படுத்தினாலும் 9 என்பதால், வர்க்கப்படுத்தும் படியில் குறி வேறுபாடு மறைந்துபோகிறது. 2 உள்ளே நுழைந்தது அந்த வழியாகத்தான்.

இந்தக் கணக்கை அனுப்பக்கூடியவர்கள் குறைந்தது மூன்று வகை. ஒருவர் முடித்துவிட்டார், 9 சரியா என்று தெரிந்தால் போதும். இன்னொருவருக்கு வர்க்கமூலக் குறியை எப்படி நீக்குவது என்றே தெரியவில்லை. மூன்றாமவர் 2, 9 என்று இரண்டு விடை எடுத்திருக்கிறார்; புத்தகத்தின் பின்பக்கத்தில் 9 மட்டும் இருக்கிறது.

"x = 9" என்று மட்டும் அனுப்பினால் முதலாமவர் திருப்தியாகப் போய்விடுவார். இரண்டாமவர் அதை நோட்டில் எழுதிவிட்டு அடுத்த கணக்கிலும் அதே இடத்தில் நிற்பார். மூன்றாமவருக்கு அது புத்தகத்திலேயே இருந்த செய்தி. கேள்வி கேட்டதே வீண் என்று தோன்றும்.

சரி, முழு வழியையும் எழுதிவிட்டால் எல்லோருக்கும் ஆயிற்றே என்று தோன்றலாம். அதிகம் ஏமாறுவது இங்கேதான். மூன்றாமவர் ஒவ்வொரு வரியாக ஒப்பிட்டுப் பார்ப்பார். எல்லாம் தன்னுடையது போலவே இருக்கும். கடைசியில் 2 ஏன் போனது என்பதை எழுதியவர் பெரும்பாலும் மனதுக்குள்ளேயே சரிபார்த்துவிட்டு, "x = 9" என்று முடித்திருப்பார். பத்து வரி எழுதியும் அவருக்குத் தேவைப்பட்ட ஒரு வரி அதில் இருக்காது.

அதனால் "முழுசா வேணுமா, விடை மட்டுமா?" என்று கேட்டுவிடலாம் என்பது இயல்பான யோசனை. அந்தக் கேள்வி அவ்வளவாகப் பயன்படுவதில்லை. கூச்சப்படுகிற பிள்ளை "விடை மட்டும் போதும் சார்" என்பார். மற்றவர் யோசிக்காமலே "முழுசா" என்பார். அதைவிட நல்ல கேள்வி: "உனக்கு என்ன வந்தது?" இதற்கு வரும் பதிலிலேயே தேவையும் தெரியும், தவறு நடந்த வரியும் தெரியும்.

இதே கணக்கில் "விடையே வரல சார், ரூட்டுக்குள்ள மைனஸ் வருது" என்றால், அவர் (x − 5)² என்பதை x² + 25 என்று விரித்திருக்க வாய்ப்பு அதிகம். அப்போது x² − x + 18 = 0 கிடைக்கும்; தன்மைகாட்டி −71. "ஏதோ 6.18-னு தசமத்துல வருது" என்றால் x² − 25 என்று எழுதியிருப்பார்; அது x² − x − 32 = 0 ஆகி, தன்மைகாட்டி 129 வரும். இருவருக்கும் விரிவாக்கச் சூத்திரத்தின் நடு உறுப்பான −10x-ஐ மட்டும் காட்டினால் போதும். "2, 9 ரெண்டும் வருது" என்றால் சரிபார்க்கும் வரியை மட்டும் அனுப்புங்கள். "ஒண்ணுமே வரல" என்பவருக்குத்தான் முழு வழி. அவருக்கும் வர்க்கப்படுத்தும் முதல் படியை மட்டும் அனுப்பிப் பார்ப்பது நல்லது. மீதி இருபடிச் சமன்பாடு அவருக்கு ஏற்கெனவே தெரிந்ததாகவே இருக்கலாம்.

கேட்பதற்கு முன் படத்தை ஒருமுறை நன்றாகப் பாருங்கள். "என நிறுவுக", "எனக் காட்டுக" என்று முடியும் கேள்வியில் விடை கேள்விக்குள்ளேயே இருக்கிறது. அங்கே வழியைத் தவிர வேறு எதையும் கேட்டிருக்க முடியாது. நான்கு விருப்பங்களுடன் ஒரு மதிப்பெண் என்றால் விடையும் ஒரு வரிக் காரணமும் போதும். ஐந்து மதிப்பெண் என்றால் நோட்டில் படிகள் வேண்டும். மாணவரின் நோட்டும் படத்தின் ஓரத்தில் தெரிந்தால் பெரிதாக்கிப் பாருங்கள். அடித்துத் திருத்திய இடம் சிக்கிய இடத்தைச் சொல்லிவிடும். அனுப்பியது பெற்றோர் என்றால் கணக்கு வேறு. பிள்ளையின் விடையைச் சரிபார்க்க அவருக்கு எண் போதும். தானே உட்கார்ந்து சொல்லித்தர நினைக்கிறார் என்றால், பிள்ளையின் வகுப்பில் நடத்திய முறையிலேயே வழி வேண்டும். வகுப்பில் வர்க்கப் பூர்த்தி முறை நடக்கும்போது நீங்கள் சூத்திரத்தில் போட்டு அனுப்பினால், விடை சரியாக இருந்தும் வீட்டில் ஒரு வாக்குவாதம் தொடங்கும்.

இத்தனைக்குப் பிறகும் தெளிவாகவில்லை, திருப்பிக் கேட்டதற்கும் பதில் இல்லை என்றால், இந்த மூன்று வரிகளை அனுப்பிவிடலாம்:

```
x = 9
வர்க்கப்படுத்தினால் x² − 11x + 18 = 0; x = 2, 9
x = 2 எனில் 3 = −3 ஆகிறது; அதனால் 2 விடை ஆகாது
```

விடை மேலே இருப்பதால் சரிபார்க்க வந்தவர் முதல் வரியோடு நிறுத்திக்கொள்வார். இடையில் சிக்கியவர் இரண்டாம் வரியோடு தன் வரியை ஒப்பிடலாம். பலரும் சறுக்கும் இடம் மூன்றாம் வரியில் இருக்கிறது. எந்தக் கணக்குக்கும் இதே அமைப்பு ஒத்துவரும்: விடை, கணக்கு திரும்பும் ஒரு படி, தவறு நடக்கும் ஒரு இடம். அந்த மூன்றாவதைத் தேர்ந்தெடுக்கத்தான் அனுபவம் வேண்டும்.

விடையை மட்டும் அனுப்புவதாக இருந்தால் அதன் வடிவத்தையும் சேர்த்துச் சொல்லுங்கள். நீங்கள் √2/2 என்று எழுத, அவரிடம் 1/√2 இருந்தால் தன்னுடையது தவறு என்று அடித்துவிடுவார். 2√3-ம் 3.46-ம் அப்படித்தான், இதில் பின்னது தோராய மதிப்பு என்பதையும் சொல்ல வேண்டும். "இரண்டும் ஒன்றுதான்" என்று பக்கத்தில் எழுத ஐந்து வினாடிகூட ஆகாது.

ஒரே படத்தில் எட்டுப் பத்துக் கணக்குகள் வந்தால், ஒவ்வொரு வகைக்கும் ஒன்றை முழுதாகப் போட்டு, மீதிக்கு விடைகளை மட்டும் வரிசை எண்ணோடு கொடுங்கள். அந்தப் படம் அச்சிட்ட வினாத்தாளாக இருந்தால் முதலில் கேட்க வேண்டியது தேர்வு முடிந்துவிட்டதா என்பதை. முடியவில்லை என்றால் எதையும் அனுப்ப வேண்டாம். முடிந்திருந்தால் அவர் அன்றைக்குத் தன் மதிப்பெண்ணைக் கூட்டிப் பார்க்கிறார், எண்கள் போதும். தவறிய கணக்குகளுக்கு மறுநாள் வழி கேட்டு வரச் சொல்லுங்கள்.